நாலு மணி டீயும் நடுராத்திரித் தூக்கமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டப்போ, "சத்துணவு பத்திப் பேசுங்கம்மா, ரத்தசோகை பத்திப் பேசுங்கம்மா"ன்னு சொன்னாங்க. அதையெல்லாம் நீங்க நிறைய கேட்டிருப்பீங்க. அதனால் இன்னைக்கு வேற ஒண்ணைச் சொல்லலாம்னு வந்தேன். இப்போ உங்க கையில் ஒரு பேப்பர் கப் இருக்கு பாருங்க, அதைப் பத்தித்தான் பேசப் போறேன். பயப்படாதீங்க, டீயை விடச் சொல்லி நான் வரவில்லை. நானும் காலையில் காபி குடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். எந்த நேரத்துல குடிக்கிறோம்ங்கிறது தான் என் பேச்சு.

பல வருஷமா வீடு வீடாகப் போய் வந்தவள் நான். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் பெண்களிடம் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், பத்தில் பாதிப் பேர் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "படுத்தா தூங்கிடறேம்மா. ஆனா காலையில எழுந்தா தூங்கின மாதிரியே இல்ல. அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு." இதற்கு ரத்தசோகை காரணமாக இருக்கலாம், தைராய்டு காரணமாக இருக்கலாம். ஆனால் யாருமே சந்தேகப்படாத ஒரு காரணமும் உண்டு. அது சாயந்திரம் குடிக்கும் டீயும் காபியும்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதை

தூக்கம் எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் கண் விழித்ததிலிருந்து நம் மூளை வேலை செய்துகொண்டே இருக்கிறது. அந்த வேலையின் மிச்சமாக அடினோசின் என்று ஒரு பொருள் மூளையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அடுப்பு எரிய எரியச் சாம்பல் சேருகிற மாதிரி. மூளையில் இந்த அடினோசின் உட்காருவதற்கென்றே இருக்கைகள் இருக்கின்றன. அதில் அது போய் உட்கார உட்கார, கண் செருகும், கொட்டாவி வரும், உடம்பு படுக்கையைத் தேடும். ராத்திரி தூங்கும்போது அந்தச் சாம்பல் அள்ளப்படுகிறது. காலையில் அடுப்பு சுத்தமாக இருக்கும்.

டீயிலும் காபியிலும் இருக்கும் கஃபீன் பார்ப்பதற்கு அடினோசின் மாதிரியே இருக்கும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள் இல்லையா, அது மாதிரி கஃபீன் ஓடிப்போய் அந்த இருக்கையில் துண்டைப் போட்டுவிடும். அடினோசின் வந்து பார்க்கும், இடம் இருக்காது. நின்றுகொண்டே இருக்கும். இருக்கை கிடைக்காததால் "களைப்பா இருக்கு" என்ற சேதி மூளைக்குப் போகாது. நமக்குப் புதுத் தெம்பு வந்த மாதிரி தோன்றும்.

ஆனால் தெம்பு எங்கிருந்தும் வரவில்லை. களைப்பு பஸ்ஸுக்குள் நின்றுகொண்டேதான் இருக்கிறது. கஃபீன் இறங்கியதும் எல்லாம் சேர்ந்து உட்காரும். அப்போது திடீரென்று தள்ளாட்டமாக இருக்கும். உடனே இன்னொரு டீ கேட்போம். இதுதான் நடக்கிறது.

பாக்கியில் பாதி

அடுத்த விஷயம்தான் முக்கியமானது. ஒரு டீ குடித்தால் அந்தக் கஃபீன் உடம்பில் எவ்வளவு நேரம் இருக்கும்? நிறைய பேர் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் என்று நினைக்கிறார்கள். சுறுசுறுப்பு தெரிகிற நேரம் வேண்டுமானால் அவ்வளவாக இருக்கலாம். கஃபீன் அதற்குப் பிறகும் போவதில்லை.

இதைப் புரியவைக்க உங்களைவிட நல்ல ஆட்கள் கிடையாது. ஏனென்றால் குறையும் கடன் பாக்கியைக் கணக்குப் போடுவது உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. கஃபீனை உடைத்து வெளியே அனுப்பும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. நல்ல ஆரோக்கியமான ஒருவருக்கு, சராசரியாக 5 மணி நேரத்தில் அது பாதியை அடைத்துவிடும். அடுத்த 5 மணி நேரத்தில் மீதி எல்லாவற்றையும் அடைக்கும் என்று நினைக்காதீர்கள். பாக்கி இருப்பதில் பாதியைத்தான் அடைக்கும். அதற்கடுத்த 5 மணி நேரத்தில் அந்தப் பாக்கியில் பாதி. இதற்குப் பெயர் அரை ஆயுள். கஃபீனின் அரை ஆயுள் சுமார் 5 மணி நேரம்.

அப்போ 4 மணிக்கு ஒரு டீ குடிக்கிறோம் என்று வையுங்கள். 9 மணிக்குப் பாதி டீ உடம்பில் இருக்கிறது. நடுராத்திரி தாண்டி 2 மணிக்குக் கால் டீ இருக்கிறது. 9 மணிக்குப் பாதி டம்ளர் டீயைக் கையில் கொடுத்து "இதைக் குடிச்சிட்டுப் படு"ன்னு யாராவது சொன்னால் நாம் குடிப்போமா? 4 மணிக்குக் குடித்தாலும் உடம்புக்கு அந்தக் கணக்குதான்.

ஒரு டீயில் எவ்வளவு கஃபீன் என்று கேட்பீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். 150 மில்லி அளவுக்கு, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டிக்காக்ஷன் காபியில் 80 முதல் 120. தூள் எவ்வளவு போடுகிறோம், எவ்வளவு நேரம் கொதிக்கவிடுகிறோம் என்பதைப் பொறுத்து இது கூடும் குறையும். பால் நிறைய ஊற்றினால் கஃபீன் செத்துப்போகாது. சர்க்கரை இல்லாமல் குடித்தாலும் கஃபீன் அப்படியேதான் இருக்கும். கிரீன் டீயிலும் உண்டு. காபித் தூளில் சிக்கரி கலந்திருந்தால் அந்தச் சிக்கரிக்குக் கஃபீன் இல்லை, அதனால் அந்த அளவுக்குக் குறையும். நம்ம சுக்குக் காபியில், காபித் தூள் போடாத வரைக்கும், கஃபீனே கிடையாது. பேர் மட்டும்தான் காபி.

ஆழ்ந்த தூக்கத்தைத்தான் எடுக்கிறது

இப்போ ஒருத்தி எழுந்து கேட்பாள் என்று எனக்குத் தெரியும். "அம்மா, நான் ராத்திரி 8 மணிக்கு டீ குடிச்சாலும் தலையணையில தலை வெச்சதும் தூங்கிடுவேன். எனக்கு ஒண்ணும் பண்ணாது."

தூங்கிவிடுவது வேறு, ஆழ்ந்து தூங்குவது வேறு. தூக்கம் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. கிணற்றில் படி இறங்குகிற மாதிரி, லேசான தூக்கத்திலிருந்து கீழே கீழே இறங்கி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகிறோம். அந்த நேரத்தில் பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் தெரியாது. எழுப்பினால் எங்கே இருக்கிறோம் என்றே சட்டென்று புரியாது. உடம்பு தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். அப்புறம் மேலே வந்து கனவு காண்கிறோம். திரும்ப இறங்குகிறோம். ஒரு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பங்கு ராத்திரியின் முதல் பகுதியிலேயே முடிந்துவிடும். 10 மணிக்குப் படுக்கிறவருக்கு, 10 முதல் 1, 1.30 மணி வரைக்கும். விடியற்காலைத் தூக்கத்தில் கனவுதான் அதிகம். சாயந்திரம் குடித்த காபியின் பாக்கி உடம்பில் அதிகமாக இருப்பது எப்போது? அதே 10 முதல் 1 மணி வரைக்கும்தான். ரெண்டும் ஒரே நேரத்தில் மோதிக்கொள்கின்றன. களைத்துப் போன உடம்பு எப்படியும் தூங்கிவிடும். ஆனால் கிணற்றின் அடிப்படி வரைக்கும் இறங்க முடியாது. நடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கும். லேசான தூக்கம் என்பதால் நாய் குரைத்தாலும், வீட்டுக்காரர் புரண்டு படுத்தாலும் முழிப்பு வந்துவிடும்.

இதை ஆராய்ச்சியிலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் நடந்து 2013-இல் வெளிவந்த ஒரு ஆய்வு. நல்லாத் தூங்குகிற 12 பேருக்கு 400 மில்லிகிராம் கஃபீன் கொடுத்தார்கள். ஒரு நாள் படுக்கும்போது, ஒரு நாள் 3 மணி நேரம் முன்னால், ஒரு நாள் 6 மணி நேரம் முன்னால். 6 மணி நேரம் முன்னால் சாப்பிட்டபோதும், கருவி வைத்து அளந்து பார்த்தால், ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்திருந்தது. ஆனால் அவர்களே எழுதிக் கொடுத்த குறிப்பில் அந்தக் குறை சரியாகத் தெரியவில்லை. கருவி சொன்னது, ஆளுக்குத் தெரியவில்லை. 400 மில்லிகிராம் என்பது பெரிய அளவுதான், நாம் ஒரே மூச்சில் அவ்வளவு குடிப்பதில்லை. ஆனாலும் "எனக்கு ஒண்ணும் பண்ணாது"ங்கிற பேச்சை ஏன் அப்படியே நம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு அக்காவின் கணக்கு

பேர் சொல்ல மாட்டேன். ஒரு தையல் குழுவில் இருக்கும் அக்கா, வயது 46. ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். "சிஸ்டர், ராத்திரி ரெண்டு மூணு தடவை முழிச்சுக்கிறேன். பகல்ல மெஷின்ல உட்கார்ந்தா கண்ணு சொக்குது. போன வாரம் ஊசி விரல்ல இறங்கிடுச்சு. மெடிக்கல்ல தூக்க மாத்திரை தர்றாங்களாம், எது வாங்கணும்னு சொல்லுங்க" என்றார்.

டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கவே கூடாது என்று முதலில் சொன்னேன். அப்புறம் "அக்கா, ஒரு நாளைக்கு என்ன என்ன குடிக்கிறீங்க, மணியோட சொல்லுங்க" என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். காலை 6 மணிக்கு ஒரு டம்ளர் பில்டர் காபி. 11 மணிக்கு யூனிட்டில் டீ. 4 மணிக்கு யூனிட்டில் டீ. 6 மணிக்கு வீட்டுக்கு வந்ததும் அலுப்புத் தீர இன்ஸ்டன்ட் காபி. மொத்தம் நாலே நாலு. அதிகமாகக் குடிக்கிற ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. இவர் கணக்கு 220 தான்.

இப்போ பாக்கிப் புத்தகம் போடுவோம். காலைக் காபிக்கு 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மணி நேரம் கழித்து 11 மணிக்கு அதில் 40 பாக்கி. அப்போது குடிக்கும் டீ 40. சேர்த்தால் 80. இன்னும் 5 மணி நேரம் கழித்து 4 மணிக்கு அதில் பாதி, 40 பாக்கி. அப்போது குடிக்கும் டீ 40. திரும்ப 80. ராத்திரி 9 மணிக்கு அது 40 ஆகும். ஆனால் நடுவில் 6 மணிக் காபி ஒரு 60 சேர்ந்திருக்கிறது. 3 மணி நேரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு போய் 40 நிற்கும். ஆக 9 மணிக்கு 80.

கவனிச்சீங்களா? காலையில் முழிப்பதற்காகக் குடித்த அதே 80, ராத்திரி 9 மணிக்கும் உடம்பில் இருக்கிறது. அவர் படுக்கும் 10 மணிக்கு ஏறக்குறைய 70. ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவேண்டிய நேரத்தில், ஒரு முழு டம்ளர் டீக்கும் அதிகமான கஃபீனோடு படுத்திருக்கிறார். ராத்திரி 2 மணிக்கும் 40 இருக்கிறது. அசல் அடைகிற மாதிரி தெரியும், மேலே மேலே புதுக் கடன் ஏறிக்கொண்டிருக்கும். வட்டியை மறுநாள் காலையில் உடம்பு கட்டும். காலையில் அலுப்பு, அதனால் ஸ்ட்ராங்கா ஒரு காபி, மதியம் தூக்கம், அதனால் நாலு மணி டீ. சுத்திச் சுத்தி அதே.

எதை முதலில் நிறுத்துவது? நாலையும் நிறுத்தச் சொன்னால் அடுத்த நாளே என்னைத் திட்டிவிட்டு எல்லாவற்றையும் குடிப்பார். 6 மணிக் காபியை மட்டும் எடுத்துவிட்டால், 10 மணிப் பாக்கி 70-லிருந்து 35 ஆகிறது. ஒரே டம்ளரில் பாதி குறைந்துவிட்டது. 4 மணி டீயையும் எடுத்துவிட்டால் 35-லிருந்து 17, 18. காலைக் காபியும் 11 மணி டீயும் அப்படியே இருக்கலாம். காலைக் காபியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் குடித்தால் பிரயோசனம் குறைவு. காலைக் காபியின் 80-இல் ராத்திரி 10 மணிக்கு மிஞ்சுவது 9 தான். கடைசி டம்ளர்தான் பெரிய கடன்காரன்.

அந்த அக்கா முதல் வாரம் 6 மணிக் காபியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அரை டம்ளர், கால் டம்ளர் என்று. ரெண்டாவது வாரம் அதற்குப் பதில் சுக்குக் காபி. மூன்றாவது வாரம் யூனிட்டில் 4 மணி டீயைப் பாதி டம்ளராக்கி, பிறகு மோராக மாற்றினார். மூன்று வாரம் கழித்துக் கேட்டேன். "ரெண்டு மூணு தடவை முழிச்சது இப்போ ஒரு தடவை. மெஷின்ல சொக்கல குறைஞ்சிருக்கு. ஆனா சாயந்திரம் அந்த வாசனை மட்டும் ஏங்குது சிஸ்டர்" என்றார். அந்த ஒரு தடவை முழிப்பு சிறுநீர் கழிக்கத்தான். அதற்குச் சர்க்கரை பரிசோதனை செய்யச் சொன்னேன். டீயை நிறுத்தியதும் எல்லாம் மாயமாகச் சரியாகிவிடவில்லை. மாத்திரை இல்லாமல் பாதி சரியானது.

திடீர்னு நிறுத்தினா தலைவலி

ஒரு எச்சரிக்கை. தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று மொத்தமாக நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி வரும். எரிச்சல், சோர்வு, வேலையில் மனம் ஒட்டாமை எல்லாம் வரும். முதல் ரெண்டு நாள்தான் அதிகம், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். இதைப் பார்த்து "டீ குடிக்கலன்னா எனக்கு உடம்பே ஓடாது"ன்னு முடிவு பண்ணித் திரும்பக் குடிப்பவர்கள்தான் நிறைய. அது உடம்புக்கு டீ தேவை என்பதால் வருவதில்லை, பழகிய இருக்கை காலியானதால் வருவது. அதனால்தான் கால் டம்ளர் கால் டம்ளராகக் குறைக்கச் சொல்கிறேன். இன்னொன்று, தலைவலிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளிலும் கஃபீன் இருக்கிறது. அட்டையில் கஃபீன் என்று எழுதியிருக்கிறதா என்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

எல்லோருக்கும் 5 மணி நேரம் கிடையாது

5 மணி நேரம் என்பது சராசரி. சிலருக்கு 3 மணி நேரம், சிலருக்கு 7 மணி நேரம். பிறவியிலேயே கல்லீரலின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பெண்களாகிய நாம் மூன்று விஷயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, கர்ப்ப காலம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கஃபீன் வெளியேறுவது ரொம்பவே மெதுவாகிறது. கடைசி 3 மாதத்தில் அரை ஆயுள் 15 மணி நேரம் வரைக்கும் போகிறது. சாயந்திரம் 4 மணிக்குக் குடித்த டீயில் பாதி மறுநாள் காலை 7 மணிக்கும் உடம்பில் இருக்கும். கஃபீன் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். அதை உடைக்கும் சக்தி பிள்ளைக்கு இன்னும் வரவில்லை. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் குடிக்கும் கர்ப்பிணிகள் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல நாடுகளில் 200-ஐத் தாண்டாதீர்கள் என்கிறார்கள். வீட்டில் மருமகளோ மகளோ கர்ப்பமாக இருந்தால், "களைப்பா இருக்கியே, இந்தா ஒரு காபி குடி"ன்னு சாயந்திரம் பாசத்தோடு நீட்டாதீர்கள். அந்தப் பாசத்தைப் பாலில் காட்டுங்கள்.

ரெண்டாவது, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு அரை ஆயுள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. மாத்திரை தொடங்கியதிலிருந்து தூக்கம் சரியில்லை என்றால், மாத்திரையை நிறுத்தாதீர்கள். மதிய டீயை முதலில் நிறுத்திப் பாருங்கள்.

மூன்றாவது, வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. "அவரு ராத்திரி 9 மணிக்கு டீ குடிச்சிட்டு குறட்டை விடறாரு, எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பார்கள். அவர் பீடி, சிகரெட் பிடிக்கிறவராக இருந்தால், அந்தப் புகை கல்லீரலை முடுக்கிவிட்டு, கஃபீனைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் வெளியே தள்ளும். அதனால் அவருக்குக் கடன் சீக்கிரம் அடைகிறது. பீடி நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை, உங்கள் உடம்புக்கு அவர் கணக்கு பொருந்தாது என்றுதான் அர்த்தம். அவர் பீடியை விட்டால், பழைய அளவு டீயே அவருக்கும் தூக்கத்தைக் கெடுக்க ஆரம்பிக்கும். அதையும் நினைவில் வையுங்கள். குறட்டை ரொம்பப் பெரிதாக, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால், ஆணோ பெண்ணோ, டாக்டரைப் பார்க்க வேண்டும். அது டீ விஷயம் இல்லை.

உங்களுக்கு எப்படி என்று கண்டுபிடிப்பது

உங்கள் சேமிப்பு நோட்டு மாதிரி ஒரு சின்ன நோட்டு எடுங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். தினமும் காலையில் நாலு விஷயம் மட்டும் எழுதுங்கள். நேற்றுக் கடைசியாக டீயோ காபியோ குடித்தது எத்தனை மணிக்கு. படுத்தது எத்தனை மணிக்கு. ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வந்தது. எழுந்தபோது உடம்பு தெளிவா, அலுப்பா.

ரெண்டாவது, மூன்றாவது வாரத்தில் கடைசி டம்ளரை மதியம் 12 மணிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். காலையில் எவ்வளவு குடிக்கிறீர்களோ அதை மாற்ற வேண்டாம். படுக்கும் நேரத்தையும் மாற்ற வேண்டாம். ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் வித்தியாசம் என்று தெரியும். தலைவலி இருக்கும் முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாவது வாரத்தை முதல் வாரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழிப்பு குறைந்து, காலையில் தெளிவு வந்திருந்தால், உங்கள் தூக்கத்தை எடுத்தது சாயந்திர டீதான். எந்த வித்தியாசமும் இல்லை என்றால், உங்கள் உடம்பு வேகமாகக் கழிக்கும் உடம்பாக இருக்கலாம், அல்லது காரணம் வேறு. மாதவிடாய் நிற்கும் வயதில் திடீர் உடம்புச் சூடும் வியர்வையும், ராத்திரி அடிக்கடி சிறுநீர், கால் குடைச்சல், ரத்தசோகை, மனக்கவலை, இதில் எதுவும் இருக்கலாம். அப்போது அந்த நோட்டையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். "தூக்கம் வரல டாக்டர்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, மூன்று வாரக் கணக்கைக் காட்டினால் டாக்டருக்கும் சுலபம்.

சரி, மதியம் மூன்று மணிக்கு வருகிற அந்தத் தூக்கத்துக்கு என்ன செய்வது? அந்த நேரத்தில் உடம்பு தானாகவே கொஞ்சம் தாழும், அது இயற்கை. வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் இன்னும் கூடும். முடிந்தவர்கள் 2, 2.30 மணிக்குள் ஒரு 20 நிமிஷம் படுத்து எழுந்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் ராத்திரித் தூக்கம் பாதிக்கும். படுக்க வசதி இல்லாத வேலையிடத்தில், எழுந்து வெளியே வெளிச்சத்தில் 10 நிமிஷம் நடந்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீரோ மோரோ குடியுங்கள். டீ நேரம் என்பது டீக்காக மட்டும் இல்லை. கொஞ்சம் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளிடம் நாலு வார்த்தை பேசுவதற்காகவும்தான். அந்த நேரத்தை விடாதீர்கள். டம்ளரில் இருப்பதை மட்டும் மாற்றுங்கள்.

கடைசியாக, நம்ம கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் சாயந்திரம் 5, 6 மணிக்குத்தான் நடக்கின்றன. வந்ததும் டீ, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதும் இன்னொரு டீ. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பால் கறக்கிறவர்களும், 5 மணிக்குச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களும்தான் இந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தூங்கக் கிடைப்பதே 6 மணி நேரம். அதில் ஆழ்ந்த தூக்கத்தை நம் கூட்ட டீ எடுக்க வேண்டுமா? 4 மணிக்கு மேல் நடக்கும் கூட்டத்தில் சுக்குக் காபியோ, மோரோ, எலுமிச்சைச் சாறோ கொடுப்பது என்று அடுத்த செயற்குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள். செலவும் கூடாது. சுக்கு, மல்லிப் பொடி அரைத்து விற்கும் குழு நம்மிடையே இருந்தால் அவர்களிடமே வாங்கலாம்.

இப்போ மணி 4.20. உங்கள் கையில் இருக்கும் கப்பில் ஒரு வாய் டீ மிச்சம் இருக்கலாம். குடிப்பதும் கீழே வைப்பதும் உங்கள் விருப்பம். ராத்திரி 9.20-க்கு அதில் பாதி உங்களோடு படுக்கைக்கு வரும் என்பது மட்டும் இனிமேல் உங்களுக்குத் தெரியும்.